தெள்ளு வளர்வது தரையில்

நாயைக் குளிப்பாட்டி, கழுத்தில் மருந்து விட்டு, சீப்பால் வாரி எடுத்த பிறகும் பத்துப் பன்னிரண்டு நாளில் தெள்ளு மறுபடி வந்துவிடுகிறது என்பது நாய், பூனை வளர்க்கும் வீடுகளில் கேட்டுக்கேட்டுப் பழகிப்போன புலம்பல். சிலர் மருந்து போலி என்பார்கள். சிலர் பக்கத்து வீட்டு நாயின் மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. நாயின் மேலிருந்த தெள்ளுகள் மருந்தில் செத்தது உண்மைதான். பிறகு ஏறியவை வேறு தெள்ளுகள். அவை வீட்டுக்குள்ளேயே, கட்டிலுக்கு அடியிலும் சுவரோர இடுக்கிலும் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் இருந்து வளர்ந்து வந்தவை.

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். நம் ஊரில் உண்ணியையும் தெள்ளையும் ஒன்றாகப் பேசிவிடுகிறோம். உண்ணி நாயின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் ஒட்டிக்கொண்டு, இரத்தம் குடித்துப் பருத்துக் கிடக்கும். அதற்கு எட்டுக் கால். தெள்ளு எங்கும் ஒட்டிக்கொண்டு நிற்காது. பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் தட்டையாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், ரோமத்துக்குள் சரசரவென்று ஓடும். பிடிக்கப் போனால் குதிக்கும். அதற்கு இறக்கை இல்லை, கால் ஆறு. உயிருள்ள தெள்ளு கண்ணில் படாவிட்டாலும் அது இருப்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நெருக்கமான பல் உள்ள பேன்சீப்பால் நாயின் வால் அடியையும் இடுப்பையும் வாரி, வருகிற கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். சாதாரண அழுக்கு கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் கழிவாக இருந்தால் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசியும். அது செரித்தும் செரிக்காமலும் வெளியேறிய நாயின் இரத்தம்.

அந்தக் கழிவுக்கு ஒரு வேலை இருக்கிறது. வீட்டு நாய், பூனைகளில் பொதுவாகக் காணப்படும் பூனைத்தெள்ளின் பெண் பூச்சி, ஒரு நாளில் தன் உடல் எடையைப்போலப் பதினைந்து மடங்கு இரத்தம் குடிக்கிறது. அவ்வளவும் அதற்குத் தேவையில்லை. பெரும்பகுதி அப்படியே வெளியேறி, காய்ந்த துகளாகத் தரையில் உதிர்கிறது. முதல் இரத்தம் குடித்து ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கும் அதே பூச்சி, உச்சத்தில் நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முட்டை வரை இடும். முட்டை அரை மில்லிமீட்டர்தான். வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். பேனின் ஈர் மயிரில் ஒட்டிக்கொள்வதுபோல இது ஒட்டிக்கொள்வதில்லை. நாய் எழுந்து உடம்பை உதறினால் உதிரும். படுத்துப் புரண்டால் உதிரும். ஆக, நாய் எங்கே அதிக நேரம் படுக்கிறதோ அங்கே முட்டையும் விழுகிறது, அந்த முட்டையிலிருந்து வரப்போகும் புழுவுக்கான உணவும் விழுகிறது. நாயின் மேல் நாம் பார்க்கும் பூச்சிகள் ஒரு வீட்டின் மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து இருந்தால் அதிகம் என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மீதியெல்லாம் முட்டை, புழு, கூடு என்று தரையில்தான் இருக்கின்றன.

இரண்டு முதல் ஐந்து நாளில், சில சமயம் பத்து நாள்கூட ஆகி, முட்டை பொரிகிறது. வெளியே வரும் புழு வெள்ளையாக, காலில்லாமல், மெல்லிய முடிகளோடு இருக்கும். வளர்ந்த பிறகும் நீளம் ஐந்து மில்லிமீட்டருக்குள்தான். அது யாரையும் கடிப்பதில்லை. காய்ந்த இரத்தத் துகளையும் தரையில் கிடக்கும் மட்கையும் தின்கிறது. வெளிச்சம் அதற்கு ஆகாது. வெளிச்சத்தைக் கண்டால் விலகி, கீழ்நோக்கி இறங்கும். பாயின் அடி, கோணிச் சாக்கின் மடிப்பு, மண்தரையின் வெடிப்பு, சிமெண்டுத் தரை சுவரைத் தொடும் இடத்தில் இருக்கும் இடுக்கு எல்லாம் அதற்கு ஏற்ற இடம். ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து செத்துவிடும். சூடு முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினாலும் தாங்காது. அதனால்தான் வெயில் நேராக விழும் முற்றத்தில் அது தங்குவதில்லை. மாட்டுக் கொட்டகையின் நிழல் மூலையும், மாடிப்படிக்கு அடியில் பழைய துணி குவிந்த இடமும், மழைக்காலத்தில் நாய் ஒதுங்கும் திண்ணையின் ஓரமும் அதற்கு வாய்க்கின்றன. நல்ல சூழலில் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் புழு வளர்ச்சி முடிந்துவிடும்.

அடுத்து வருவது கூடு. மருந்து தெளிக்கிறவர்களைத் தோற்கடிப்பது இந்தக் கட்டம்தான். வளர்ந்த புழு பட்டுபோன்ற நூலால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. அந்த நூலில் பசை இருப்பதால் சுற்றியுள்ள மண், தூசு, நூல்துணுக்கு எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. தரையில் கிடக்கும் ஒரு தூசு உருண்டைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டில் தெளிக்கும் பூச்சிமருந்து கூட்டுக்குள் இருப்பதைக் கொல்லும் அளவுக்குப் போய்ச் சேர்வதில்லை. உள்ளே ஒன்று இரண்டு வாரத்தில் முழுத் தெள்ளு உருவாகிவிடுகிறது. உருவான உடனே வெளியே வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. வெளியே வந்த தெள்ளுக்கு இரத்தம் கிடைக்காவிட்டால் வெகுநாள் உயிர் நிற்காது. கூட்டுக்குள்ளேயே காத்திருந்தால் நான்கைந்து மாதம்கூடத் தாங்கும். காலடி அதிர்வு, மேலே விழும் அழுத்தம், உடம்பின் சூடு, மூச்சுக்காற்றில் உள்ள கரியமில வாயு என்ற அடையாளங்கள் கிடைத்ததும் நொடிகளில் கூட்டைக் கிழித்துக்கொண்டு வருகிறது.

பூட்டிக் கிடந்த வீட்டில் நடப்பதை இப்போது புரிந்துகொள்ளலாம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் ஒரு தெருப்பூனை சமையலறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில், சாக்குகளுக்கு நடுவே குட்டி போட்டது. குட்டிகள் நடக்கத் தொடங்கியதும் ஏப்ரல் கடைசியில் தாய் அவற்றை வேறிடம் கொண்டுபோய்விட்டது. மே மாதம் முழுக்கக் குடும்பம் ஊருக்குப் போய்விட, வீடு பூட்டியே கிடந்தது. பூனை இருந்த வாரங்களில் அந்த மூலையில் ஆயிரக்கணக்கில் முட்டை விழுந்திருக்கும். பூனை போன பிறகு பொரிந்தவைக்கும் அது விட்டுப்போன இரத்தத் துகள் போதுமானது. மே நடுவில் அத்தனையும் கூடாகிவிட்டன. வெளியே வரச்சொல்லும் காலடி இல்லை. ஜூன் முதல் வாரத்தில் கதவைத் திறந்து உள்ளே நடந்தவர்களின் கணுக்கால்களில் ஒரே நேரத்தில் டஜன் கணக்கில் ஏறுகின்றன. வீட்டில் விலங்கே இல்லாதபோது தெள்ளு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் திகைப்பார்கள். விலங்கு ஒரு மாதம் முன்பே போய்விட்டது. அதன் தெள்ளு மட்டும் போகவில்லை.

அரிப்போடு இது முடிந்துவிடுமானால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. விருந்தாளி போய்விட்ட பிறகும் தரையில் காத்திருந்து அடுத்த உடம்பில் ஏறும் இந்தக் குணம், எலித்தெள்ளிடமும் உண்டு. இந்தியாவில் 1896-இல் தொடங்கி அடுத்த சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைப் பிளேக் எடுத்ததற்கு வழி செய்தது அதுதான். பம்பாயின் மாண்ட்வி பகுதியில் 1896 செப்டம்பரில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் நோயை அடையாளம் கண்டபோது, அதன் கிருமி ஏற்கெனவே தெரிந்திருந்தது. இரண்டாண்டு முன்பு ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் அதைக் கண்டிருந்தார். எலிகள் செத்து விழுந்த பிறகே மனிதருக்கு நோய் வருகிறது என்பதும் தெரிந்திருந்தது. எலியிலிருந்து மனிதருக்கு அது எப்படி வருகிறது என்பதுதான் தெரியவில்லை. தெரியாததால் அதிகாரிகள் நோயாளியைப் பிடித்துத் தனியே வைத்தார்கள், வீட்டைக் கிருமிநாசினியால் கழுவினார்கள், துணிமணிகளை எரித்தார்கள். கடத்தும் பூச்சி யார் கணக்கிலும் இல்லை.

பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெஞ்சு மருத்துவர் போல்-லூயி சிமோன் 1898-இல் கராச்சியில் செய்த சோதனை அந்த விடையைக் காட்டியது. பிளேக் பிடித்த ஓர் எலியைத் தெள்ளுகளோடு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் வைத்தார். அது சாகும் தறுவாயில், நோயில்லாத ஓர் எலியைச் சிறிய கம்பிவலைக் கூண்டில் இட்டு அதே ஜாடிக்குள் தொங்கவிட்டார். இரண்டு எலிகளும் ஒன்றையொன்று தொட வழியில்லை. வலைக்கண் வழியே தெள்ளு மட்டும் போய்வரலாம். சில நாளில் இரண்டாவது எலியும் பிளேக்கில் செத்தது. தெள்ளு இல்லாமல் நோயாளி எலியோடு வைத்த எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு தெளிவான சோதனையை மருத்துவ உலகம் பல ஆண்டுகள் ஏற்கவில்லை.

1905-இல் அமைக்கப்பட்ட பிளேக் ஆய்வுக் குழு பம்பாயில் நோய் கண்ட வீடுகளுக்குள்ளேயே போய்ச் சோதித்தது. என் பார்வையில், வீட்டுத் தெள்ளைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியதை இதைவிட நன்றாகச் சொல்லும் சோதனை வேறில்லை. பிளேக் வந்த வீட்டில் மனிதரும் இல்லை, உயிருள்ள எலியும் இல்லை என்ற நிலையில் கினிப்பன்றிகளைத் தரையில் திறந்துவிட்டார்கள். அவற்றின் மேல் எலித்தெள்ளுகள் ஏறின. பல கினிப்பன்றிகள் பிளேக்கில் செத்தன. அதே வீட்டில் தெள்ளு நுழைய முடியாத நெருக்கமான வலையால் மூடிய கூண்டில் வைத்தவை பிழைத்தன. கூண்டைச் சுற்றிலும் பசைத்தாள் விரித்து, தெள்ளு தாண்டி வர முடியாதபடி செய்தபோதும் பிழைத்தன. காற்று அதே காற்று, சுவர் அதே சுவர். நோய் தரையில் கிடந்த பூச்சிக்குள் இருந்தது. வீட்டைப் பிளேக் பிடித்தது என்று அன்று மக்கள் சொன்னதில் ஓர் உண்மை இருந்திருக்கிறது.

தெள்ளுக்குள் கிருமி என்ன செய்கிறது என்பதை 1914-இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் பேக்கட், மார்ட்டின் என்ற இருவர் கண்டார்கள். தெள்ளின் இரைப்பைக்கு முன்னால் முட்கள் நிறைந்த சிறிய வாயில் ஒன்று உண்டு. பிளேக் கிருமிகள் அங்கே பல்கி, பிசின்போன்ற கட்டியாகி, வழியை அடைத்துவிடுகின்றன. அப்புறம் தெள்ளு எவ்வளவு உறிஞ்சினாலும் இரத்தம் வயிற்றுக்குப் போவதில்லை. பசி அடங்காமல் மறுபடி மறுபடி கடிக்கிறது. உறிஞ்சிய இரத்தம் அடைப்பில் மோதி, கிருமியோடு சேர்ந்து கடிவாய்க்குள்ளேயே திரும்பிக் கொட்டுகிறது. சில நாளில் அந்தத் தெள்ளும் பட்டினியால் செத்துப்போகும். அதற்குள் பலரைக் கடித்திருக்கும். அடைப்பு உண்டாகும் முன்பே சில தெள்ளுகள் நோயைக் கடத்த முடியும் என்பதும் பிற்பாடு தெரியவந்தது. கடும் வெப்பத்தில் இந்த அடைப்பு சரியாக உருவாவதில்லை. வட இந்தியாவில் கோடை உச்சத்தில் பிளேக் தணிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் எலியின் சாவுதான் திருப்பம். எலித்தெள்ளுக்கு மனிதர் முதல் தேர்வு இல்லை. எலி உயிரோடு இருக்கும்வரை அதன் உடம்பிலும் வளையிலுமே இருக்கும். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் இறங்குகிறது. பக்கத்தில் வேறு எலி கிடைத்தால் அதில் ஏறும், கிடைக்காவிட்டால் மனிதரில் ஏறும். எலிகள் எல்லாம் செத்துத் தீர்ந்த வீட்டில்தான் ஆபத்து மிக அதிகம். ஆகவே தெள்ளை விட்டுவிட்டு எலியை மட்டும் கொல்வது, நோய் நடமாடும் இடத்தில், நோயை மனிதர்மேல் தள்ளிவிடும் செயல். முதலில் வளையிலும் எலிப் பாதையிலும் தெள்ளுக்கான மருந்துத்தூள் இட்டு, பிறகே எலிக்கு விஷமோ பொறியோ வைக்க வேண்டும் என்பது பிளேக் கட்டுப்பாட்டில் இன்றும் மாறாத விதி. ஒரு பகுதியில் பிடிக்கும் எலிகளில் சராசரியாக எலிக்கு ஒன்றுக்கும் மேல் எலித்தெள்ளு இருந்தால் அந்த இடத்தை அபாயப் பகுதியாகக் கொள்கிறார்கள்.

பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருப்பது அந்த ஊர் பட்ட பாட்டுக்குச் சாட்சி. 1966-க்குப் பிறகு இந்தியாவில் மனிதருக்குப் பிளேக் இல்லை என்றிருந்த நிலை 1994-இல் உடைந்தது. 2002-இல் இமாசலத்திலும் 2004-இல் உத்தரகாசியிலும் சிலருக்கு வந்தது. தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சந்திக்கும் ஓசூர், கோலார் வட்டாரத்தைப் பிளேக்கின் இயற்கை இருப்பிடங்களில் ஒன்றாகக் கருதி, அங்கே எலிகளையும் நாய்களின் இரத்தத்தையும் சோதித்துக் கண்காணிக்கும் பணி நெடுங்காலமாக நடந்துவருகிறது. அச்சப்படத் தேவையில்லை. இன்றைக்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளை நேரத்தில் கொடுத்தால் பிளேக் குணமாகும். கொடுக்காமல் விட்டால் நெறிகட்டும் வகையிலேயே பாதிப் பேர்வரை சாகலாம்.

தெள்ளால் வரும் இன்னொரு காய்ச்சல் இதைவிட அமைதியானது. அதனாலேயே கவனத்துக்கு வராமல் போகிறது. அதற்கு மியூரின் டைஃபஸ் என்று பெயர். ரிக்கெட்சியா டைஃபி என்ற நுண்ணுயிரி எலியிடமிருந்து தெள்ளுக்குப் போய், தெள்ளின் குடல் சுவரில் வளர்கிறது. பிளேக் கிருமி தன்னைச் சுமக்கும் தெள்ளைக் கொன்றுவிடும். இது கொல்வதில்லை, வாழ்நாள் முழுக்க அந்தத் தெள்ளு ஆரோக்கியமாக இருந்துகொண்டே கிருமியைக் கழிவில் வெளியேற்றும். அது மனிதருக்குள் நுழையும் பெருவழி கடி அல்ல, கழிவு. கடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே தெள்ளு கழிக்கும். நாம் சொறிவோம். நகம் கீறிய இடத்தில் அந்தத் துகள் தேய்ந்து உள்ளே போய்விடும். காய்ந்த கழிவில் கிருமி நெடுநாள் உயிரோடிருக்கும் என்பதால், எலி ஓடிய பழைய கிடங்கையோ பரணையோ உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போது கிளம்பும் தூசியை மூச்சில் இழுப்பதாலும் கண்ணில் பட்டுத் தேய்ப்பதாலும் தொற்றலாம். இங்கேயும் நோய் கிடப்பது தரைத் தூசியில்தான்.

கிருமி நுழைந்து ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்புவலி வரும். நான்கைந்து நாள் கழித்துச் சிலருக்கு மார்பிலும் வயிற்றிலும் சிவந்த தடிப்பு தெரியும். கறுத்த தோலில் அது கண்ணுக்குப் படாமலே போய்விடலாம். டெங்கு என்றும் டைஃபாய்டு என்றும் பெயர் வைத்துப் பார்த்து, எந்தச் சோதனையும் ஒத்துவராமல், இரண்டு வாரம் இழுத்துத் தானே தணிந்துவிடும் காய்ச்சல்களில் இதுவும் உண்டு. தமிழகத்தில் பரவலாகப் பேசப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் வேறு நோய். அதைக் கடத்துவது புதரில் இருக்கும் மிகச்சிறிய சிலந்தியினப் பூச்சியின் குஞ்சு. கடித்த இடத்தில் கரிந்ததுபோன்ற பொருக்கு அதில் பலருக்குத் தெரியும். மியூரின் டைஃபஸில் அது இராது. இரண்டுக்கும் டாக்சிசைக்ளின் நன்றாக வேலை செய்கிறது. மருந்து ஆரம்பித்த இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்குவதே ஒரு அடையாளம். ஆனால் மருத்துவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டுமானால், வீட்டில் எலித்தொல்லையும் தெள்ளுக்கடியும் இருப்பதை நாம் சொல்லியாக வேண்டும்.

தரையை வைத்து இந்த நோயை அடக்கிக் காட்டிய இடம் அமெரிக்காவின் தென் மாநிலங்கள். 1944-இல் அங்கே ஓராண்டில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மியூரின் டைஃபஸ் வந்தது. அடுத்த ஆண்டு முதல் எலிகள் ஓடும் தடங்களிலும் வளை வாய்களிலும் டிடிடி தூளைத் தூவினார்கள். எலி தூளின் மேல் நடந்து, தன் ரோமத்தில் அதைச் சுமந்து வளைக்குக் கொண்டுபோனது. உள்ளே இருந்த தெள்ளுகள் செத்தன. எலி ஒழிப்பு அதற்குப் பின்னால் வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் நோயாளிகள் ஆண்டுக்கு நூறுக்கும் கீழே இறங்கினார்கள். டிடிடி-யைச் சிபாரிசு செய்ய இதைச் சொல்லவில்லை. அதன் கேடுகள் பின்னால் தெரிந்தன, எலித்தெள்ளும் பல நாடுகளில் அதற்குப் பழகிவிட்டது. அவர்கள் மருந்தை எங்கே வைத்தார்கள், எதை முதலில் செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நம் வீட்டுக்கு வருவோம். நாய், பூனைக்கு மருந்து கொடுக்கும் நாளும் தரையைச் சுத்தம் செய்யும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் மூன்று விலங்கு இருந்தால் மூன்றுக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். சொறியாத பூனையை விட்டுவைத்தால் அதுவே மறுபடி முட்டை உதிர்க்கும். மருந்தைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தரட்டும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போடக்கூடாது. பூனையின் உடலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது, வலிப்பு வந்து செத்துவிடும். மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தில் மிச்சமிருக்கிறதே என்று அதைப் பூனைக்குத் தடவுவதும் இதே ஆபத்தில் முடியும்.

அதே நாளில் விலங்கு படுக்கும் துணி, பாய் விரிப்பு, சாக்கு எல்லாவற்றையும் கொதிநீரில் நனைத்துத் துவைத்து, உச்சி வெயிலில் காயப்போடுங்கள். மெத்தையைத் துவைக்க முடியாது. வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள். கட்டிலையும் அலமாரியையும் நகர்த்தி, சுவரோர இடுக்கு முழுவதையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவது நல்லது. அது முட்டையையும் புழுவின் உணவையும் எடுப்பதோடு, அதிர்வால் கூட்டிலிருக்கும் தெள்ளையும் வெளியே வரவைக்கும். சேர்ந்த தூசியை உடனே பையில் கட்டி வெளியேற்ற வேண்டும். அந்தக் கருவி இல்லாத வீட்டில் உலர்ந்த துடைப்பத்தால் தூசி கிளப்பாமல், சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரமாகப் பெருக்கித் துடையுங்கள். எலி நடமாடிய பரண், ஸ்டோர் ரூமில் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே வேலை செய்யுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒரு மாதம் இது தொடர வேண்டும்.

தெளிக்கும் மருந்து தேவைப்பட்டால், பூச்சி கொல்லியோடு மெத்தோபிரீன் அல்லது பைரிப்ராக்ஸிஃபென் கலந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். இந்த இரண்டும் முட்டையும் புழுவும் மேலே வளராமல் நிறுத்துபவை. தெள்ளின் சங்கிலியை அறுப்பது இவைதான். அறை நடுவே தெளிப்பதில் பயனில்லை; கட்டிலடி, இடுக்கு, விலங்கு படுக்கும் இடம், படிக்கட்டின் கீழ் என்று நிழல் விழும் இடத்தில் தெளிக்க வேண்டும். காயும்வரை குழந்தைகளும் விலங்குகளும் உள்ளே வரக்கூடாது, மீன்தொட்டியை மூடிவையுங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தையும் மண்ணெண்ணெயையும் வீட்டுக்குள் தெளிப்பது உயிருக்கு ஆபத்து. வேப்பிலைப் புகை கூட்டுக்குள் இருக்கும் தெள்ளை எட்டாது.

இவ்வளவும் செய்த பிறகும் மூன்று நான்கு வாரம், சில வீடுகளில் இரண்டு மாதம்வரை, தெள்ளு தென்படும். ஏற்கெனவே கூடு கட்டியவை ஒவ்வொன்றாக வெளியே வருவதே காரணம். இங்கேதான் பலர் மருந்து வேலை செய்யவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள், அல்லது இரண்டு மடங்கு மருந்து அடிக்கிறார்கள். இரண்டும் தவறு. நிலைமையை அறிய வாரத்துக்கு ஒருமுறை வெள்ளைக் காலுறையை முழங்கால்வரை ஏற்றிப் போட்டுக்கொண்டு சந்தேகப்படும் அறையில் சிறிது நேரம் நடந்து, ஏறிய தெள்ளை எண்ணுங்கள். அதே நாளில் விலங்கைச் சீப்பால் வாரி, ஈரத் துணிச் சோதனையும் செய்யுங்கள். காலுறையில் தெள்ளு வருகிறது, விலங்கிடம் புதிய செந்துகள் இல்லை என்றால் கவலை வேண்டாம்: பழைய கூடுகள் காலியாகின்றன, வெளியே வருபவை விலங்கின் மேல் ஏறி முட்டையிடும் முன்பே செத்துப்போகின்றன. எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் குறையும். மூன்றாவது வாரத்திலும் விலங்கிடம் செந்துகள் இருந்தால் அதன் மருந்து பலிக்கவில்லை, அல்லது மருந்து போடாத வேறொரு விலங்கு வீட்டுக்குள் வந்து போகிறது. இந்த நாட்களில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது பயன்தராது. ஆள் நடமாடினால்தான் கூட்டிலிருப்பவை வெளியே வந்து மருந்தில் படும்.

வீட்டில் எலியும் இருந்தால் வரிசை முக்கியம். வளையைச் சுற்றித் தெள்ளு மருந்து போட்டுவிட்டுப் பிறகு பொறி வையுங்கள். செத்த எலியை வெறுங்கையால் எடுக்காதீர்கள். கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, வாய் கட்டிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். நீங்கள் விஷம் வைக்காமலே உங்கள் வீட்டிலோ தெருவிலோ எலிகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தால், அவற்றைத் தொடாமல் அன்றைக்கே ஊராட்சியின் அல்லது மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு தொடையிடுக்கிலோ அக்குளிலோ வலியுடன் நெறி கட்டினால் ஒரு நாளும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய், எலி செத்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.